‘வாட் ஐ நீட் இஸ்’, ‘நெவர் ஹேவ் ஐ சீன்’: ஆங்கிலம் வாக்கியத்தை எப்போது பிளக்கிறது, எப்போது புரட்டுகிறது

ஆங்கிலம் கற்கும்போது முதலில் மனதில் பதிகிற விதி ஒன்றுதான்: எழுவாய் முதலில், அடுத்து வினை, அதற்கப்புறம் செயப்படுபொருள். ‘ஐ நீட் டைம்.’ ‘ஐ ஹேவ் நெவர் சீன் திஸ்.’ இதைப் பிடித்துக்கொண்டு ஒரு தலையங்கத்தையோ ஒரு நல்ல கட்டுரையையோ படிக்கப் போனால், ‘வாட் ஐ நீட் இஸ் டைம்’ என்று ஒன்று வருகிறது, ‘நெவர் ஹேவ் ஐ சீன் திஸ்’ என்று இன்னொன்று வருகிறது. முதலாவது கேள்விச் சொல்லில் தொடங்குகிறது, ஆனால் கேள்வி இல்லை. இரண்டாவதில் ‘ஹேவ் ஐ’ என்று கேள்வியில் வருகிற அதே வரிசை, ஆனால் கடைசியில் முற்றுப்புள்ளி.

இரண்டையும் ‘அழுத்தத்துக்காக’ என்ற ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிற பாடநூல்கள் நிறைய. அது தவறில்லை, ஆனால் போதாது. இவை இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன, வேறு வேறு விதிகளில் நிற்கின்றன. தமிழ் பேசுகிறவர்கள் இவற்றில் செய்கிற பிழைகளும் ஏனோதானோ பிழைகள் இல்லை, தமிழின் அமைப்பிலிருந்தே வருபவை. அங்கிருந்தே தொடங்கலாம்.

## தமிழில் சொல் நகரும், ஆங்கிலத்தில் நகராது

‘ரவி நேற்று மேலாளரிடம் கடிதத்தைக் கொடுத்தான்.’ இந்த வாக்கியத்தில் எதை அழுத்த வேண்டுமானாலும் தமிழில் மூன்று வழி இருக்கிறது. சொல்லை வினைக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம்: கடிதத்தை மேலாளரிடம் நேற்று ரவி கொடுத்தான். ‘தான்’ அல்லது ‘ஏ’ சேர்க்கலாம்: ரவிதான் கொடுத்தான். இல்லையென்றால் வினையையே ‘அது’ என்று முடிகிற பெயராக்கி, அழுத்த வேண்டியதைக் கடைசியில் வைக்கலாம்: கடிதத்தைக் கொடுத்தது ரவி. சொற்கள் இடம் மாறினாலும் யார் கொடுத்தது, எதைக் கொடுத்தது என்பதில் குழப்பம் வராது, ஏனென்றால் ‘ஐ’, ‘இடம்’ போன்ற உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொண்டே போகின்றன.

ஆங்கிலத்தில் அந்த உருபுகள் பெரும்பாலும் இல்லை. யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதை இடம்தான் சொல்கிறது. ‘ரவி சா மணி’ என்பதை ‘மணி சா ரவி’ என்று மாற்றினால் அழுத்தம் மாறவில்லை, செய்தியே மாறிவிட்டது. பேச்சில் குரலை உயர்த்தி அழுத்திவிடலாம், எழுத்தில் அதுவும் முடியாது. அதனால் எழுவாயை எழுவாய் இடத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு பகுதியை மட்டும் சட்டம் போட்டுக் காட்ட ஒரு கட்டமைப்பு தேவைப்படுகிறது. அதுதான் பிளவு வாக்கியம். ஒரே செய்தியை இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ வைப்பதால் அந்தப் பெயர். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் வைத்த பெயர் அது.

## ஒரே வாக்கியத்தை ஐந்து இடத்தில் வெட்டினால்

‘ரவி கேவ் த லெட்டர் டு த மேனேஜர் யெஸ்டர்டே’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பகுதியாக முன்னிறுத்திப் பார்க்கலாம்.

1. கொடுத்தது ரவி. ‘இட் வாஸ் ரவி ஹூ கேவ் த லெட்டர் டு த மேனேஜர்.’ ஆள் என்பதால் ‘ஹூ’, ‘தட்’ என்றாலும் சரி.

2. கொடுத்தது கடிதத்தை. இங்கே ‘இட்’ என்று தொடங்குகிற வகை, ‘வாட்’ என்று தொடங்குகிற வகை இரண்டுக்கும் இடம் இருக்கிறது: ‘இட் வாஸ் த லெட்டர் தட் ரவி கேவ் த மேனேஜர்’ அல்லது ‘வாட் ரவி கேவ் த மேனேஜர் வாஸ் த லெட்டர்’.

3. கொடுத்தது மேலாளரிடம். ‘இட் வாஸ் டு த மேனேஜர் தட் ரவி கேவ் த லெட்டர்.’ அந்த ‘டு’ ஒரு முறைதான் வரவேண்டும். முன்னால் வைத்துவிட்டுக் கடைசியிலும் ‘கேவ் த லெட்டர் டு’ என்று இன்னொன்றைப் போட்டுவிடுவது எழுத்தில் அடிக்கடி நடக்கிற சறுக்கல். கடைசியில் வைக்கிறதாக இருந்தால் முன்னால் வெறும் ‘இட் வாஸ் த மேனேஜர்’ போதும்.

4. கொடுத்தது நேற்று. ‘இட் வாஸ் யெஸ்டர்டே தட் ரவி கேவ் த லெட்டர்.’

5. ரவி செய்த செயலையே முன்னிறுத்த வேண்டுமென்றால் ‘இட்’ வகை உதவாது. ‘வாட்’ வகைதான்: ‘வாட் ரவி டிட் வாஸ் கிவ் த லெட்டர் டு த மேனேஜர்.’ இங்கே ‘கேவ்’ இல்லை, ‘கிவ்’ என்பதைக் கவனியுங்கள். இறந்த காலத்தை ‘டிட்’, ‘வாஸ்’ இரண்டும் ஏற்கெனவே சுமந்துவிட்டன.

எழுதியது உண்மையிலேயே பிளவு வாக்கியம்தானா, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ‘இட் வாஸ்’, ‘தட்’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுகிற சொற்களில் ஒரு முழு வாக்கியம் கிடைக்க வேண்டும், ஒன்றும் குறையக்கூடாது, ஒன்றும் கூடவும் கூடாது. ‘இட் வாஸ் யெஸ்டர்டே தட் ஹி கேம்’ என்பதில் மிஞ்சுவது ‘யெஸ்டர்டே ஹி கேம்’. சரி. ‘இட் வாஸ் க்ளியர் தட் ஹி கேம்’ என்பதில் மிஞ்சுவது ‘க்ளியர் ஹி கேம்’. அது வாக்கியமே இல்லை, ஆக இது பிளவு வாக்கியமும் இல்லை, ‘அவன் வந்தது தெளிவு’ என்கிற சாதாரண வாக்கியம். மூன்றாவது எண்ணில் பார்த்த இரட்டை ‘டு’ பிழையையும் இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

## தமிழின் ஒரு ‘அது’, ஆங்கிலத்தின் பல கதவுகள்

பெரும்பாலான பிழைகள் பிறக்கிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

தமிழில் ‘வந்தது’ என்ற ஒரே வடிவம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. வந்தது ரவி, வந்தது நேற்று, வந்தது பேருந்தில், வந்தது பணத்துக்காக. ஆள், நேரம், வழி, காரணம் எதுவாக இருந்தாலும் முதல் பாதி மாறுவதே இல்லை. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதும்போது, பொருளுக்கு ‘வாட்’ சரியாக இருக்கிறதே, ஆளுக்கு ‘ஹூ’, நேரத்துக்கு ‘வென்’, வழிக்கு ‘ஹௌ’ என்று வைத்தால் ஆயிற்று என்று கை தானாகவே போகிறது. ‘ஹூ கேம் வாஸ் ரவி.’ ‘வென் ஹி கேம் வாஸ் யெஸ்டர்டே.’ ‘ஹௌ ஹி கேம் வாஸ் பை பஸ்.’

தர்க்கப்படி குறை சொல்ல முடியாத வாக்கியங்கள், ஆனால் ஆங்கிலம் இவற்றை விரும்புவதில்லை. தொடக்கத்தில் நின்று வாக்கியத்தைப் பிளக்கிற உரிமையை இன்றைய ஆங்கிலம் தாராளமாகக் கொடுப்பது ‘வாட்’ ஒன்றுக்குத்தான். ‘ஹூ’ அந்த இடத்தில் ஏறக்குறைய வராது. ‘வென்’, ‘வேர்’, ‘ஹௌ’, ‘வை’ ஆகியவை எப்போதாவது வந்தாலும் காதில் நெருடும், எழுத்தில் இன்னும் நெருடும். மாற்று வழி இரண்டு உண்டு.

ஒன்று, ‘இட்’ வகைக்குப் போய்விடுவது: ‘இட் வாஸ் ரவி ஹூ கேம்’, ‘இட் வாஸ் பை பஸ் தட் ஹி கேம்’. இரண்டாவது, கேள்விச் சொல்லுக்கு முன்னாலோ அதன் இடத்திலோ ஒரு பொதுப்பெயரை நிறுத்துவது: ‘த பர்சன் ஹூ கேம் வாஸ் ரவி’, ‘த டே ஹி கேம் வாஸ் மண்டே’, ‘த ரீசன் ஹி கேம் வாஸ் மனி’. தமிழில் ‘வந்தது’ என்பதை ‘வந்தவன்’, ‘வந்த நாள்’, ‘வந்த காரணம்’ என்று விரித்துக்கொள்வது மாதிரி. அந்த விரித்த வடிவத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் தடுமாற்றம் பாதி குறைந்துவிடும்.

இன்னொரு சிக்கல் ‘தான்’. ‘நேற்றுதான் வந்தான்’ என்பதை அப்படியே ‘ஹி கேம் யெஸ்டர்டே ஒன்லி’ என்று சொல்வது இந்திய ஆங்கிலத்தில் சகஜம், நமக்குள் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் நம் ‘தான்’ வெறுமனே ஒன்றைச் சுட்டிக்காட்டும், ‘வேறு எதுவும் இல்லை’ என்று ஒதுக்கவும் செய்யும். இப்படிக் கடைசியில் வருகிற ‘ஒன்லி’ ஒதுக்கும் வேலையை மட்டுமே செய்யும். அதனால் வேறு நாட்டு வாசகருக்கு அந்த வாக்கியம் ‘நேற்று ஒரு நாள் மட்டும் வந்தான், மற்ற நாட்களில் வரவில்லை’ என்று போய்ச் சேரலாம். நீங்கள் சொல்ல வந்தது ‘வேறு நாளில்லை, நேற்று’ என்ற சுட்டல் என்றால் ‘இட் வாஸ் யெஸ்டர்டே தட் ஹி கேம்’தான் சரியான வடிவம்.

## பிளக்கும்போது எதை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறோம்

பிளவு வாக்கியம் அழுத்தத்தோடு நிற்பதில்லை, ஒரு பாதியை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உண்மையாக ஆக்கிவிடுகிறது. ‘இட் வாஸ் யுவர் டீம் தட் டிலேய்ட் த ரிப்போர்ட்’ என்று ஒருவர் எழுதுகிறார். அறிக்கையைத் தாமதப்படுத்தியது உங்கள் குழு என்கிறார். நீங்கள் ‘இட் வாஸ் நாட் அவர் டீம்’ என்று பதில் போட்டால், உங்கள் குழு இல்லை என்று மறுத்துவிட்டீர்கள், ஆனால் அறிக்கை தாமதமானது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். மறுப்பு முன்னிறுத்திய பகுதியை மட்டுமே தொடும், பின்னால் இருக்கிற பாதி அசையாமல் நிற்கும். அறிக்கை தாமதமாகவே இல்லை என்பது உங்கள் நிலை என்றால், பிளவையே கைவிட்டு ‘த ரிப்போர்ட் வாஸ் நாட் டிலேய்ட்’ என்று நேராகத்தான் எழுத வேண்டும். ‘வாட் யூ டிட் ராங் வாஸ்…’ என்று தொடங்கும் வாக்கியத்திலும் இதே பொறி. தவறு செய்தீர்கள் என்பது விவாதத்துக்கே வராமல் உள்ளே வந்துவிடுகிறது.

கூடவே, ‘வேறு யாரும் இல்லை’ என்ற சாயலும் சேர்ந்துவிடும். ‘ரவி ஹெல்ப்ட் மீ’ என்றால் மற்றவர்களும் உதவியிருக்கலாம். ‘இட் வாஸ் ரவி ஹூ ஹெல்ப்ட் மீ’ என்றால் உதவியது ரவி, மற்றவர்கள் இல்லை. நன்றி சொல்லி எழுதும் கடிதத்தில் இதைக் கவனிக்காமல் போட்டால் உதவிய மற்றவர்களுக்கு மனவருத்தம்தான் மிச்சம்.

‘இட்’ வகையும் ‘வாட்’ வகையும் ஒன்றுக்கு ஒன்று பதிலாக எப்போதும் வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மொழியியலாளர் எல்லன் பிரின்ஸ் 1978இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார். ‘வாட்’ வகையில் முதல் பாதி கேட்பவர் மனதில் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயமாக இருக்க வேண்டும், அல்லது பேச்சின் போக்கிலிருந்து எளிதில் ஊகிக்கக்கூடியதாகவாவது இருக்க வேண்டும். உங்களுக்கு என்ன தேவை என்ற பேச்சு ஓடும்போது ‘வாட் ஐ நீட் இஸ் டைம்’ இயல்பாக விழுகிறது. எதுவுமே பேசாமல் இருக்கிற ஒருவரிடம் திடீரென்று ‘வாட் ஐ லாஸ்ட் இஸ் மை கீ’ என்று தொடங்கினால், நீங்கள் எதையோ தொலைத்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று விழிப்பார். ‘இட்’ வகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ‘இட் வாஸ் இன் 1969 தட் மேன் ஃபர்ஸ்ட் வாக்ட் ஆன் த மூன்’ என்று ஒரு கட்டுரையை முதல் வரியிலேயே தொடங்கலாம். வாசகர் நிலாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, இது உலகம் அறிந்த செய்தி என்ற தொனியில் வாக்கியமே அதைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

## ‘நெவர் ஹேவ் ஐ’: பழைய விதியின் மிச்சம்

புரட்டலுக்கு, அதாவது துணைவினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவருவதற்கு, வருவோம். இதன் வேர் வரலாற்றில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் இடத்தில் எது வந்தாலும் வினை பெரும்பாலும் இரண்டாவது இடத்துக்கு வந்துவிடும். ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் மொழிகளில் இன்றைக்கும் அதுதான் விதி. ஆங்கிலம் அந்தப் பழக்கத்தை இடைக்காலத்தில் மெல்ல மெல்லக் கைவிட்டது, ஆனால் சில இடங்களில் விடவில்லை. கேள்விகள் ஒன்று, எதிர்மறைச் சொல் முன்னால் வருகிற வாக்கியங்கள் இன்னொன்று. ‘நெவர் ஹேவ் ஐ’ கேள்வி போலத் தோன்றுவதன் காரணம் இதுதான்: கேள்வியைப் பார்த்து இது உருவாகவில்லை, இரண்டும் ஒரே பழைய விதியிலிருந்து தப்பிப் பிழைத்தவை.

அமைக்கும் முறை இப்படி:

1. எதிர்மறைப் பகுதியை முன்னால் கொண்டுவாருங்கள். ‘நெவர்’, ‘ரேர்லி’, ‘செல்டம்’, ‘நாட் ஒன்லி’, ‘அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ்’ போன்றவை. ‘லிட்டில் டிட் ஹி நோ’ என்பதில் வருகிற ‘லிட்டில்’கூட ‘கொஞ்சமும் தெரியாது’ என்ற எதிர்மறைதான்.

2. துணைவினை இருந்தால் அதை எழுவாய்க்கு முன்னால் வையுங்கள். பல துணைவினைகள் இருந்தால் முதலாவது மட்டும் நகரும்: ‘நெவர் ஷுட் ஐ ஹேவ் கான்.’ ‘ஷுட் ஹேவ் ஐ’ என்று இரண்டையும் தூக்கக் கூடாது.

3. துணைவினையே இல்லையென்றால் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ வரும், முதன்மை வினை வெறும் வடிவத்துக்குத் திரும்பும்: ‘நெவர் டிட் ஹி ஆஸ்க்.’ ‘டிட் ஹி ஆஸ்க்ட்’ தவறு. ‘வாஸ்’, ‘இஸ்’ மட்டும் தனியாகவே நகரும்: ‘நெவர் வாஸ் ஐ சோ டயர்ட்.’

4. முன்னால் வைத்த பகுதிக்குள்ளேயே ஒரு துணை வாக்கியம் இருந்தால், அதற்குள் எதையும் புரட்டாதீர்கள். புரட்டல் பிரதான வாக்கியத்தில்தான். ‘ஒன்லி வென் ஹி லெஃப்ட் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்.’ அவன் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ‘ஒன்லி வென் டிட் ஹி லீவ்’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை, முன்னால் இருப்பதே கண்ணில் படுவதால் வருவது. ‘நாட் அன்டில்’ என்பதற்கும் இதே விதி.

## எப்போது புரட்டக் கூடாது

‘நாட்’, ‘நோ’, ‘ஒன்லி’ முன்னால் வந்துவிட்டாலே புரட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அந்த எதிர்மறை முழு வாக்கியத்தின் மேலும் விழுந்தால்தான் புரட்டல் வரும்.

‘நாட் லாங் அகோ ஐ மெட் ஹர்’ என்பதில் அவளைச் சந்தித்தது நடந்த விஷயம். ‘நாட்’ மறுப்பது ‘லாங்’ என்பதை மட்டும்: ரொம்ப நாள் ஆகவில்லை. சந்திப்பை மறுக்கவில்லை, ஆக புரட்டல் இல்லை. ‘அட் நோ டைம் டிட் ஐ மீட் ஹர்’ என்றால் ஒருபோதும் சந்திக்கவே இல்லை, சந்திப்பே மறுக்கப்படுகிறது, ஆக புரட்டல் கட்டாயம்.

ஒரே சொற்களை வைத்தே இந்த வேறுபாட்டைக் காட்ட முடியும். ‘வித் நோ ஜாப் ஷி வுட் பி ஹேப்பி’ என்றால், வேலை எதுவும் இல்லாமல் இருந்தால் அவள் மகிழ்ச்சியாக இருப்பாள். ‘வித் நோ ஜாப் வுட் ஷி பி ஹேப்பி’ என்றால், எந்த வேலை கிடைத்தாலும் அவளுக்கு மகிழ்ச்சி வராது. ‘ஷி’, ‘வுட்’ இரண்டும் இடம் மாறியதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை, பொருள் முற்றிலும் மாறிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் புரட்டலை அலங்காரம் என்று சொல்ல முடியாது. எதிர்மறை எதுவரை எட்டுகிறது என்பதை அதுதான் காட்டுகிறது.

‘ஒன்லி’யிலும் இப்படித்தான். ‘ஒன்லி யெஸ்டர்டே ஐ ஸ்போக் டு ஹிம்’ என்றால் நேற்றுகூட அவரிடம் பேசினேனே என்று எவ்வளவு அண்மையில் நடந்தது என்பதைச் சொல்கிறோம். ‘ஒன்லி யெஸ்டர்டே டிட் ஐ ஸ்பீக் டு ஹிம்’ என்றால் நேற்றுதான் பேசினேன், அதற்கு முன் பேசவில்லை. ‘ஒன்லி’ எழுவாயோடு ஒட்டிக்கொண்டு வந்தால் புரட்டவே வேண்டாம்: ‘ஒன்லி ரவி கேம்.’

## எங்கே பொருந்தும்

பிளவு வாக்கியம் பேச்சிலும் எழுத்திலும் வரும். ‘வாட் ஐ மீன் இஸ்’ என்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எதிர்மறைப் புரட்டல் அப்படியில்லை. அது எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. தொலைபேசியில் ‘நெவர் ஹேவ் ஐ சீன் சச் ரெய்ன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘ஐ ஹேவ் நெவர் சீன் ரெய்ன் லைக் திஸ்’ என்று குரலை ‘நெவர்’ மேல் அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அறிவிப்புகளிலும் விதிமுறைகளிலும் ‘அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ் ஷுட் திஸ் டோர் பி ஓபன்ட்’ மாதிரி வருவது இயல்பு. விண்ணப்பக் கடிதத்தில் ‘நாட் ஒன்லி டிட் ஐ மேனேஜ்’ என்று ஒரு முறை வரலாம். அடுத்த வரியே ‘ரேர்லி ஹேவ் ஐ ஃபெய்ல்ட்’ என்று தொடர்ந்தால் கடிதம் சொற்பொழிவாகிவிடும். இரண்டாவதை ‘ஐ ஹேவ் ரேர்லி ஃபெய்ல்ட்’ என்று நேராக்கிவிட்டால் முதலாவது நிற்கும்.